வைத்துவிட்டு நீங்களே அழையுங்கள்

கார்டுப் பிரிவுக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பு சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் நான் வேலை பார்த்தேன். அது பேக்ஸ் காலம். எங்களிடம் நடப்புக் கணக்கு வைத்திருந்த கம்பெனிகள், 'எங்கள் கணக்கிலிருந்து இன்ன தொகையை இன்னாருக்கு அனுப்பவும்' என்று லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி பேக்ஸில் அனுப்புவார்கள். தாள் வந்ததும் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்போம். ஒத்துப்போனாலும் பணம் உடனே போகாது. அதற்கு மேல் ஒரு வேலை இருந்தது. அந்தக் கம்பெனியைத் திரும்ப அழைத்து, இந்தத் தாளை அனுப்பியது நீங்கள்தானா என்று கேட்க வேண்டும். 'கால்பேக்' என்று அதைச் சொல்வோம். யார் அழைத்தார், யாரிடம் பேசினார், எத்தனை மணிக்கு என்று தாளின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திடாமல் அது அடுத்த மேசைக்கு நகராது.

இதில் புதிதாக வரும் பையன்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. பேக்ஸ் தாளின் தலைப்பில் கம்பெனியின் தொலைபேசி எண் கொட்டை எழுத்தில் இருக்கும். கை நேராக அங்கேதான் போகும். மூத்த அதிகாரி அந்தக் கையைத் தட்டிவிடுவார். "அந்தத் தாளே பொய்யா இருந்தா, அதுல இருக்கற நம்பர் மட்டும் எப்படிப்பா நிஜமா இருக்கும்? கணக்கு ஆரம்பிச்ச பாரத்தை எடு, அதுல இருக்கற நம்பருக்குப் போடு" என்பார். பேக்ஸின் உச்சியில் சின்ன எழுத்தில் அச்சாகி வரும் அனுப்புநர் எண்ணையும் நம்பக் கூடாது என்பது அவர் சொல்லித் தந்த அடுத்த பாடம். அனுப்புகிறவர் தன் இயந்திரத்தில் தானே பதிந்து வைப்பதுதான் அந்த எண். எந்த எண்ணை வேண்டுமானாலும் பதியலாம்.

வாடிக்கையாளர்தானா என்று வங்கி சோதித்த அந்த முறையைத்தான், வங்கிதானா என்று சோதிக்க இன்று வாடிக்கையாளரின் கையில் கொடுத்திருக்கிறோம். வங்கியிலிருந்து என்று ஓர் அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள், கார்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள் என்பது அதே கால்பேக்தான். கணக்கு ஆரம்பித்த பாரத்தின் இடத்தில் இப்போது கார்டு இருக்கிறது. சந்தேகம் வருவதற்கு முன்பே, வேறொரு வழியாக, உங்கள் கைக்கு வந்து சேர்ந்த எண் அது. அழைத்தவர் சொன்ன எண் அல்ல என்பதில்தான் அதன் முழு மதிப்பும் இருக்கிறது.

கார்டுப் பிரிவில் நான் உட்கார்ந்தது அலர்ட் மேசையில். சந்தேகப்படும்படியான பரிவர்த்தனை நடந்தால் கணினி எங்கள் திரையில் ஒரு வரியைத் தள்ளும். ஈரோட்டில் காலையில் பெட்ரோல் போட்ட கார்டு மதியம் வெளிநாட்டுக் கடை ஒன்றில் தேய்க்கப்படுவது, பத்து ரூபாய்க்கு ஒரு முயற்சி நடந்து அடுத்த நிமிடமே நாற்பதாயிரத்துக்கு இன்னொன்று வருவது, இப்படி. நாங்கள் வாடிக்கையாளரை அழைப்போம். எங்கள் பேச்சு மிகச் சின்னது. பெயரைச் சொல்லிக் கேட்டு, "இத்தனை மணிக்கு, இந்தக் கடையில, இவ்வளவு ரூபாய்க்கு ஒரு டிரான்ஸாக்‌ஷன் வந்திருக்கு. நீங்க பண்ணினதுதானா?" என்போம். ஆமாம் என்றால் கார்டைத் திறந்துவிடுவோம். இல்லை என்றால் ஹாட்லிஸ்ட், அதாவது நிரந்தர முடக்கம், அதன் பிறகு புது எண்ணில் புது கார்டு. அவ்வளவுதான். ஓடிபி, பின், சிவிவி எதுவும் அந்த உரையாடலில் எங்களுக்குத் தேவைப்படாது. தேவைப்படும் இடமே அதில் கிடையாது.

பொதுமக்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இதில் உண்டு. நாங்கள் அழைக்கும் நேரத்தில் அந்தக் கார்டு பெரும்பாலும் ஏற்கெனவே தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கும், அல்லது சந்தேகத்துக்குரிய அந்தத் தொகை மறுக்கப்பட்டிருக்கும். பூட்டிவிட்டுத்தான் கேட்கிறோம். அதனால் வாடிக்கையாளர் எங்கள் அழைப்பைத் துண்டித்துவிட்டு, கண்ணாடியைத் தேடி, கார்டைத் தேடி, எண்ணைப் பார்த்துப் போட்டு, இசையைக் கேட்டுக் காத்திருந்து, கால் மணி நேரம் கழித்து வந்தாலும் அந்தக் கால் மணி நேரத்தில் ஒன்றும் போய்விடாது. 'லைனைக் கட் பண்ணினா பணம் போயிடும்' என்ற பேச்சு எங்கள் மேசையில் எழ வழியே இல்லை. அவசரம் எங்களுடையதல்ல.

"யாருன்னு தெரியல, நானே பேங்க்குக்குப் போட்டுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. "நல்லது சார், கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்கே போடுங்க" என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் திரும்ப அழைப்பார் என்று குறிப்பு எழுதுவோம். அவர் அழைக்கும்போது எடுப்பது நாங்களாக இருக்க வேண்டியதில்லை. கால் சென்டரில் யார் எடுத்தாலும் கணக்கைத் திறந்தவுடன் அலர்ட்டும் எங்கள் குறிப்பும் திரையில் தெரியும். வேலை அங்கேயே முடிந்துவிடும். எங்களுக்கு அதில் வருத்தமும் கிடையாது. இப்படி வைத்துவிடுகிறவர் ஏமாற மாட்டார் என்ற நிம்மதிதான்.

திருடன் எதற்காகத் தொலைபேசியில் வருகிறான் என்பது தெரிந்தால் இந்தச் சோதனையின் அருமை தெரியும். 2009 ஆகஸ்ட் முதல் நம் நாட்டில் கார்டு வைத்து இணையத்தில் பணம் கட்ட, கார்டின் மேல் அச்சாகியிருக்கும் விவரங்கள் மட்டும் போதாது. கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. பெரும்பாலானவர்களுக்கு அது கைபேசிக்கு வரும் ஓடிபி. கார்டு எண்ணையும், காலாவதித் தேதியையும், சிவிவியையும் திருடிய பிறகும் இந்தக் கடைசிப் பூட்டு மிச்சமிருக்கிறது. அதன் சாவி சில நிமிடங்களே உயிரோடு இருக்கும், அதுவும் உங்கள் கையில் இருக்கும். அதை உங்கள் வாயாலேயே சொல்லவைக்கத்தான் அந்த அழைப்பு. சில நிமிடங்கள் உங்களை லைனிலேயே பிடித்துவைப்பதுதான் அவனுடைய தொழில்.

பிடித்துவைக்க நம்பிக்கை வேண்டும். அதற்கு அவன் இரண்டு சரக்குகளைக் காட்டுவான். முதலாவது, உங்கள் கார்டு எண்ணின் ஒரு பகுதி. "உங்க கார்டு நம்பர் இப்படித்தானே ஆரம்பிக்குது?" என்று ஆறு இலக்கங்களை வரிசையாகச் சொல்வான். கேட்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். உண்மையில் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் உங்களுடையவை அல்ல, வங்கியுடையவை. எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதை அவை குறிக்கும். அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அவை பொது. கடைசி நான்கு இலக்கங்களோ நீங்கள் கடையில் கசக்கிப் போடும் ரசீதிலேயே அச்சாகின்றன. பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் எத்தனையோ இடங்களில் எழுதிக் கொடுத்தவை. இவற்றைச் சொல்வதால் ஒருவர் வங்கிக்காரர் ஆகிவிட மாட்டார்.

இரண்டாவது, திரையில் தெரியும் எண்ணும் பெயரும். அழைப்போர் பெயரைக் காட்டும் செயலிகளில் தெரிவது பெரும்பாலும் யாரோ பதிந்த பெயர். எண்ணையும் இணையவழி அழைப்புகளில் வேறொன்றாகக் காட்ட முடியும். பேக்ஸின் உச்சியில் அச்சான எண்ணுக்கு இருந்த மதிப்புதான் இதற்கும். வங்கிகள் தங்கள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்று இப்போது ஏற்பாடு வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து 'பேங்க்' என்று வருகிறவரை ஒதுக்க அது உதவும். ஆனால் உள்ளே வருகிற எண்ணைப் பார்த்து முடிவு செய்வதைவிட, வெளியே நீங்கள் போடுகிற எண்ணை வைத்து முடிவு செய்வது எப்போதும் உறுதியானது. நீங்கள் போடும் எண் எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தொலைபேசி நிறுவனம். திரையில் எந்த எண்ணைக் காட்டினாலும் அவன் அதில் கை வைக்க முடியாது.

ஒரு நிகழ்ச்சியை முழுதாகச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கத்தைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. அவர் கால் சென்டருக்கு அழைத்ததும் விவரம் எங்கள் மேசைக்கு வந்தது. அவர் சொன்னதையும் எங்கள் திரையில் பதிவானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்த மோசடி எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது.

சில நாட்களுக்கு முன்பு அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. கார்டில் சேர்ந்த புள்ளிகள் காலாவதியாகப் போகின்றன, இந்த இணைப்பில் போய்ப் பணமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று. வங்கியின் பக்கம் போலவே இருந்த ஒன்றில் கார்டு எண், தேதி, சிவிவி மூன்றையும் அவர் பதிந்திருக்கிறார். 'நன்றி, விரைவில் வரவு வைக்கப்படும்' என்று வந்திருக்கிறது. பணம் ஏதும் போகவில்லை என்பதால் மறந்துவிட்டார். மீன் அன்றைக்கே தூண்டிலைக் கடித்துவிட்டது, இழுப்பதற்குத்தான் நாள் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு முற்பகலில் அழைப்பு. நல்ல தமிழில், மரியாதையான குரலில் ஒருவர். "மேடம், பேங்க்ல கார்டு செக்யூரிட்டிலேருந்து பேசறேன். உங்க கார்டுல இப்ப ஒருத்தன் நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்க்கு மொபைல் வாங்கப் பார்க்கறான். நீங்க வாங்கலியே?" என்றிருக்கிறார். அதே நிமிடத்தில் எங்கள் திரையில், மின்னணுப் பொருள் விற்கும் ஓர் இணையக் கடையிலிருந்து ரூ.49,990-க்கு ஒரு முயற்சி பதிவாகியிருக்கிறது. அவர் சொன்னது பொய்யல்ல. ஒருத்தன் வாங்கப் பார்ப்பது நிஜம். அந்த ஒருத்தன் அவரோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய ஆளோதான்.

அடுத்து, "இதை கேன்சல் பண்ண உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க. கேன்சல் கோட். அதைச் சொன்னா நிறுத்திடறேன்" என்றிருக்கிறார். வந்திருந்தது ஓடிபி. அந்தக் குறுஞ்செய்தியைத் திறந்து முழுதாகப் படித்தால், இன்ன கடையில் ரூ.49,990 செலுத்துவதற்கான எண் இது, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தெளிவாக இருக்கும். ஆனால் காதில் ஒருவர் அவசரப்படுத்தும்போது யாரும் முழுதாகப் படிப்பதில்லை. ஆறு இலக்கங்கள் மட்டுமே கண்ணில் படும்.

ஆசிரியை, "நான் பேங்க்குக்கே போன் பண்ணிக் கேட்டுக்கறேன் தம்பி" என்றிருக்கிறார். இந்த இடத்தில் கேட்கப்படும் பதில்கள் ஏறக்குறைய எல்லா மோசடி அழைப்புகளிலும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் அவற்றைக் கவனித்து வைத்துக்கொள்வது நல்லது. முதலில் அழைத்தவர், "நீங்க வெச்சுட்டுப் பண்றதுக்குள்ள பணம் போயிடும் மேடம்" என்றார். அது பலிக்காதபோது, "சரி, நானே மேனேஜருக்கு கனெக்ட் பண்றேன், லைன்ல இருங்க" என்றார். அதற்கும் ஆசிரியை மசியாததால், "அப்படின்னா இந்த நம்பருக்குப் போடுங்க, எழுதிக்குங்க" என்று ஓர் எண்ணைச் சொல்லத் தொடங்கினார். மூன்று பதில்களின் நோக்கமும் ஒன்றுதான். அழைத்தவர் கையிலிருந்து லைன் நழுவக் கூடாது, அல்லது நழுவினாலும் அவர் கைக்கே திரும்பி வர வேண்டும். நிஜமான வங்கி ஊழியருக்கு இந்த மூன்றில் எதுவும் தேவைப்படாது.

ஆசிரியை வைத்துவிட்டார். கார்டைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்து எண்ணைப் படித்து அழைத்தார். மொழித் தேர்வில் தமிழ். அதன் பிறகு வரும் பட்டியலில் கார்டு தொலைந்தது, தெரியாத பரிவர்த்தனை ஆகியவற்றுக்கான வழியை வங்கிகள் வழக்கமாக முன்னாலேயே வைத்திருக்கும். அதை அழுத்தியதும் ஆள் கிடைத்துவிட்டார். இதற்கிடையே முதலில் அழைத்த அந்த மோசடிக்காரர் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், இவர் எடுக்கவில்லை.

எங்கள் திரையில் இருந்தது இதுதான். எங்களிடமிருந்து ஆசிரியையின் எண்ணுக்கு எந்த அழைப்பும் போகவில்லை. ரூ.49,990-க்கு ஒரு முயற்சி, ஓடிபி வராததால் நேரம் முடிந்து செத்துப்போயிருந்தது. மூன்று நிமிடம் கழித்து அதே தொகைக்கு இன்னொரு முயற்சி, அதுவும் அப்படியே. ஆசிரியை பேசிக்கொண்டிருந்த நேரமும் முயற்சிகளின் நேரமும் அச்சாகப் பொருந்தின. கார்டை அங்கேயே ஹாட்லிஸ்ட் செய்தோம். அவருடைய பதிவு எண்ணோ மின்னஞ்சலோ அண்மையில் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. கார்டு விவரங்களை எங்காவது பதிந்தீர்களா என்று கேட்டபோதுதான் குறுஞ்செய்திக் கதை வெளியே வந்தது. ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. அந்தக் கார்டு எண் திருடர்களிடம் இருக்கிறது என்ற செய்தியை எங்களுக்கு முதலில் தந்ததே அவருடைய அந்த அழைப்புதான்.

இந்தச் சோதனை தோற்கிற இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

அதிகம் பேர் விழுகிற குழி, எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. வைத்துவிடுவார்கள், சரியாகத்தான். பிறகு கைபேசியில் வங்கியின் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று சேர்த்துத் தேடுவார்கள். தேடலில் மேலே வருவது திருடர்கள் போட்டுவைத்த எண்ணாக இருக்கலாம். வரைபடத்தில் கிளையின் பெயரோடு தெரியும் எண்ணை யாராவது மாற்றியிருக்கலாம். சமூக ஊடகத்தில் வங்கியைத் திட்டிப் பதிவிட்டால், பதிலுக்கு வந்து நிற்கும் 'உதவி மையம்' பொய்யாக இருக்கலாம். இங்கே கொடுமை என்னவென்றால், தானே தேடி அழைத்ததால் எதிர்முனையை முழுதாக நம்பிவிடுவார்கள். கார்டு, பாஸ்புக், கணக்கு அறிக்கை, ஏற்கெனவே கைபேசியில் இருக்கும் வங்கிச் செயலி இவற்றில் உள்ள எண் மட்டுமே எண். கார்டு தொலைந்தால் எண்ணும் சேர்ந்து தொலையும் என்பதால், பாஸ்புக்கின் உள்ளட்டையில் இன்றே எழுதி வையுங்கள். வெளிநாடு போகிறவர்கள், 1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண் அங்கிருந்து பெரும்பாலும் கிடைக்காது என்பதை நினைவில் வைத்து, வங்கி தரும் சாதாரண எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தரைவழித் தொலைபேசி. பழைய எக்ஸ்சேஞ்சுகளில் அழைத்தவர் வைத்தால்தான் இணைப்பு முழுதாக அறும். கேட்டவர் ரிசீவரை வைத்தாலும் கொஞ்ச நேரம் லைன் உயிரோடு இருக்கும். பிரிட்டனில் இதை வைத்தே பெரிய மோசடி நடந்தது. "நம்பிக்கை இல்லேன்னா கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்கே போட்டுப் பாருங்க" என்று திருடனே சொல்வான். முதியவர் வைத்துவிட்டு மறுபடி எடுப்பார். திருடன் டயல் டோன் ஒலியை ஒலிக்கவிடுவான். அவர் எண்ணைச் சுழற்றியதும் வேறு குரலில், "வணக்கம், உங்கள் வங்கி" என்பான். பிறகு அங்குள்ள தொலைபேசி நிறுவனங்கள் அந்த இடைவெளியைச் சில விநாடிகளாகக் குறைத்தன. கைபேசியில் இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் துண்டித்தால் துண்டித்ததுதான். வீட்டில் தரைவழித் தொலைபேசி மட்டும் இருந்தால், ஒருமுறை தெரிந்த ஒருவரை, மகனையோ பக்கத்து வீட்டையோ, அழைத்துப் பேசிவிட்டு அதன் பிறகு வங்கிக்குப் போடுங்கள். தெரிந்த குரல் வந்தால் லைன் உங்களுடையது.

கைபேசியில் தொல்லை வேறு ரூபத்தில் வரும். அழைத்தவரை வைத்துவிடாமல், அவரை 'ஹோல்டி'ல் போட்டுவிட்டு வங்கிக்குப் போட்டால் அது சோதனையே ஆகாது. அழைப்புகளை இணைத்துவிடுங்கள் என்று அவர் கேட்டால் இன்னும் மோசம். ஓடிபியைக் குரல் அழைப்பாக வாங்கும் வசதியைத் திருடன் தேர்ந்தெடுத்திருப்பான். 'இன்னொரு கால் வரும், மெர்ஜ் பண்ணுங்க' என்பான். இணைத்த கணத்தில் இயந்திரக் குரல் சொல்லும் ஓடிபி அவன் காதிலும் விழும்.

அதைவிட ஆழமானது, கைபேசியே கெட்டுப்போயிருப்பது. வாட்ஸாப்பில் வந்த ஏபிகே கோப்பையோ, திரையைப் பகிரும் செயலியையோ அழைத்தவர் சொல்லி நிறுவியிருந்தால், அந்தக் கைபேசியில் நடக்கும் எதையும் நம்ப முடியாது. தென் கொரிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த ஒரு தீய செயலியைப் பற்றி 2022-ல் கேஸ்பர்ஸ்கி நிறுவனம் விவரித்தது. வங்கியின் எண்ணுக்கு அழைத்தால் அழைப்பைத் துண்டித்துத் திருடர்களிடம் திருப்பிவிடும், திரையில் மட்டும் வங்கியின் எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அழைத்தவர் சொல்லி எதையாவது நிறுவியிருந்தால், வீட்டில் வேறொருவர் கைபேசியிலிருந்து கார்டின் பின்பக்க எண்ணுக்கு அழையுங்கள். உங்கள் கைபேசியை அதுவரை அணைத்து வையுங்கள்.

இன்னொரு வேலையும் செய்வார்கள். எண்ணும் நட்சத்திரக் குறியும் கலந்த ஒரு குறியீட்டைப் போடச் சொல்வார்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளெல்லாம் அவர்களுக்குத் திரும்பிவிடும். 2024 ஏப்ரலில் அந்தக் குறியீட்டு வசதியையே தொலைத்தொடர்புத் துறை நிறுத்திவைக்கச் சொன்னதற்கு இதுதான் காரணம். எங்கள் மேசைக்கு இது மிகுந்த தலைவலி. நாங்கள் எச்சரிக்க அழைத்தால், வாடிக்கையாளருக்குப் பதில் திருடன் எடுத்து, "ஆமா, நான்தான் வாங்கினேன்" என்பான். திரும்ப அழைக்கிற பழக்கம் இங்கேயும் காப்பாற்றும். திருப்பிவிடப்படுவது உள்ளே வரும் அழைப்புதான். நீங்கள் வெளியே போடும் அழைப்பு வங்கிக்கே போய்ச்சேரும். சந்தேகம் இருந்தால் ##002# போட்டு எல்லாத் திருப்பிவிடுதலையும் ரத்து செய்யலாம், அல்லது கைபேசியின் அழைப்பு அமைப்புகளில் போய்ப் பார்க்கலாம்.

சோதனை தோற்காமலே குழப்பம் தருகிற ஒரு சூழலும் உண்டு. நீங்கள் கார்டின் பின்பக்க எண்ணுக்கு அழைத்துக் கேட்கிறீர்கள். "எங்க பக்கத்திலேருந்து உங்களுக்குக் கால் வந்ததா பதிவு இல்லையே சார்" என்கிறார்கள். உடனே அது திருடன்தான் என்று ஆகிவிடாது. கடன் விற்பனைக்கும், நிலுவை வசூலுக்கும் வங்கிகள் வெளி நிறுவனங்களை வைத்திருக்கின்றன. அவர்களுடைய அழைப்பு கால் சென்டர் ஊழியரின் திரையில் தெரியாமல் இருக்கலாம். தெரியாவிட்டால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கார்டில் சந்தேகமான முயற்சி ஏதும் இருக்கிறதா, நிலுவை ஏதும் இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். இருந்தால் அங்கேயே முடியும். இல்லை என்றால் அந்த அழைப்பு எதற்காக வந்திருந்தாலும் காத்திருக்கும். சரியான எண்ணுக்குப் போட்டு, சரியான ஆள்தான் எடுத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகும் ஓடிபியையும் பின்னையும் அவரிடம் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஓடிபியைச் சொல்லிவிட்ட பிறகுதான் சந்தேகம் வந்தது என்றால், வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அதே எண்ணுக்கு அப்போதே அழைக்க வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி இதைக் கணக்காகவே சொல்கிறது. தவறு வாடிக்கையாளர் பக்கமும் இல்லை, வங்கிப் பக்கமும் இல்லை என்றால், தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு கிடையாது. ஓடிபி போன்றவற்றைத் தானே சொல்லிவிட்டிருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் அவருடைய பொறுப்பு. புகார் செய்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. திருடன் ஒரே தடவையில் நிறுத்துவதில்லை, வழி திறந்திருக்கும் வரை இரண்டாவது, மூன்றாவது என்று இழுத்துக்கொண்டே இருப்பான். அதனால் நீங்கள் அழைத்த நிமிடமே கணக்கில் கோடு கிழிக்கிறது. முதலில் கார்டை முடக்கச் சொல்லுங்கள், கதையை அப்புறம் சொல்லலாம். புகார் எண்ணைக் கேட்டு நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பு 1930, அதாவது தேசிய இணையக் குற்ற உதவி எண். போன பணம் எந்தக் கணக்கில் போய் நிற்கிறதோ அங்கேயே அதை நிறுத்திவைக்க வங்கிகளுக்குத் தகவல் போவது அங்கிருந்துதான். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குப் போய், பிறகு ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிட்டால் அதன் பிறகு நிறுத்த ஒன்றும் இருக்காது. புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம், ஆனால் தட்டச்சு செய்து முடிக்கும் வரை காத்திருக்காமல் இரண்டு தொலைபேசி அழைப்புகளையும் முதலில் முடித்துவிடுங்கள்.